நான்கு மணி நேர வேலை, 29 நாள் பில்: ஒரு மாணவியின் மெய்நிகர் சர்வர் செலவு பற்றிய நிகழ்வு ஆய்வு

2024 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். காலை ஒன்பதரை மணிக்கு என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. இணையம் வழியாகக் கணினிகளை வாடகைக்குத் தரும் ஒரு கிளவுட் நிறுவனத்தின் அக்டோபர் மாத பில். கீழே 410.19 டாலர் என்று இருந்தது. அனுப்பியவர் எங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. அடுத்த நிமிடமே அழைத்தார். "சார், நான் ஒரே ஒரு நாள்தான் பயன்படுத்தினேன். யாரோ என் கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கார்டை பிளாக் செய்துவிடட்டுமா?"

கல்லூரி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. மாணவர்களுக்கு கிளவுட் சர்வரைத் தொடங்கக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான். அதனால் இந்த நிகழ்வை முழுமையாக எழுதி வைக்க வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன். மாணவியின் அனுமதியோடு, பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரும் தேவையில்லை. இதே நிகழ்வு எந்த நிறுவனத்தின் கணக்கிலும் நடந்திருக்கக்கூடியதுதான்.

கார்டை பிளாக் செய்ய வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். கார்டை முடக்கினால் சர்வர் நிற்காது. மின்கட்டணம் கட்டும் வங்கிக் கணக்கை மூடினால் வீட்டு மீட்டர் ஓடுவது நின்றுவிடுமா? அதைப் போலத்தான். பணம் வசூலாகாது, ஆனால் கடன் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும். "முதலில் சர்வரைக் கண்டுபிடிப்போம். அது இந்த நிமிடமும் ஓடிக்கொண்டிருக்கலாம்" என்றேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நடந்தது என்ன

நெற்பயிரின் இலைப் படங்களைப் பார்த்து நோயை வகைப்படுத்தும் ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவிப்பது அவருடைய திட்டப்பணி. மடிக்கணினியில் அது நடக்காது. இத்தகைய கணக்கீடுகளை வேகமாகச் செய்யும் சில்லான ஜி.பி.யூ உள்ள சர்வர் வேண்டும். புதிய கணக்குகளுக்கு ஜி.பி.யூ சர்வர் உடனே கிடைத்துவிடுவதில்லை. ஒரு கணக்கில் எவ்வளவு ஓட்டலாம் என்ற கோட்டா பல நிறுவனங்களில் அதற்குப் பூஜ்யமாகவே இருக்கும். அவர் விண்ணப்பித்து, நான்கு மெய்நிகர் சி.பி.யூ அளவுக்கு அனுமதி பெற்றார். அந்த அளவுக்குள் ஒரே ஒரு சர்வரைத்தான் ஓட்ட முடியும். அவர் எடுத்தது: நான்கு சி.பி.யூ, 16 ஜி.பி. நினைவகம், ஒரு டி4 ஜி.பி.யூ. அமெரிக்காவின் கிழக்குப் பிராந்தியத்தில் அதன் வாடகை மணிக்கு 0.526 டாலர். மும்பையைவிட அங்கே விலை சற்றுக் குறைவு என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார். விலையை ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கவனமில்லாத மாணவிக்கு நேர்ந்த கதை அல்ல இது.

அக்டோபர் 5, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சர்வரைத் தொடங்கினார். பயிற்சி நான்கு மணி நேரம் ஓடி, இரவு ஏழு மணிக்கு முடிந்தது. மாதிரிக் கோப்பைத் தன் மடிக்கணினிக்கு இறக்கிக்கொண்டார். பிறகு சர்வரின் முனையத்தில் `exit` என்று தட்டினார். திரையில் `Connection to ... closed.` என்று வந்தது. மடிக்கணினியை மூடிவிட்டு விடுதியில் சாப்பிடப் போய்விட்டார்.

அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. மூடப்பட்டது இணைப்பு மட்டும். நாம் தொலைபேசியை வைத்துவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவதில்லை. சர்வர் அமெரிக்காவில் விழித்தபடியே இருந்தது. கணினி என்றால் நம் மேசையில் இருப்பது, வேலை முடிந்தால் மூடிவிடுவது என்ற பழக்கத்தில் வளர்ந்த ஒருவருக்கு, அந்த ஆங்கில வரி "சர்வர் மூடப்பட்டது" என்று படுவதில் வியப்பில்லை. நான் வகுப்பில் சர்வரைத் தொடங்குவதையும், அதற்குள் நுழைவதையும், வெளியேறுவதையும் செய்து காட்டியிருந்தேன். நிறுத்துவதைச் செய்து காட்டவில்லை. ஆய்வக நேரம் முடிந்ததும் எல்லாச் சர்வர்களையும் நானே நிறுத்திவிடுவேன். மாணவர்கள் அதைப் பார்த்ததே இல்லை.

பார்த்தும் தெரியாமல் போனது

இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது அக்டோபர் 20-ஆம் தேதி நடந்தது. அன்று நண்பர் ஒருவர் தனக்கு 200 ரூபாய் பில் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். இவருக்குச் சந்தேகம் வந்து, உடனே ஆய்வகக் கணினி ஒன்றிலிருந்து தன் கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறார். ஓடும் சர்வர்களின் எண்ணிக்கை: 0. நிம்மதியாக மூடிவிட்டார்.

அந்தப் பூஜ்யம் பொய் இல்லை. மும்பைப் பிராந்தியத்தில் ஓடும் சர்வர்கள் பூஜ்யம்தான். அந்தக் கணினியின் உலாவியில் அவர் முன்பு நுழைந்ததில்லை. அதனால் மேலாண்மைப் பக்கம் இயல்பான பிராந்தியமாக மும்பையைக் காட்டியது. பக்கத்தின் மேல் மூலையில் சிறிய எழுத்தில் பிராந்தியத்தின் பெயர் இருக்கும். சர்வர் பட்டியல் அந்தப் பிராந்தியத்துக்கு மட்டுமே உரியது. பிராந்தியத்தை மாற்றினால்தான் மற்ற இடங்களில் இருப்பவை தெரியும். அவருடைய சர்வர் பதினைந்தாவது நாளாக வேறு ஒரு பிராந்தியத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சர்வர் பட்டியலுக்குப் பதிலாக பில் பக்கத்தைத் திறந்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பார். பில் பக்கத்துக்குப் பிராந்திய வேறுபாடு கிடையாது. உலகில் எங்கே ஓடினாலும் எல்லாம் அங்கே வந்து சேரும். அன்று அதில் 190 டாலருக்குக் குறையாமல் காட்டியிருக்கும். "எதுவும் ஓடவில்லை" என்பதற்குச் சர்வர் பட்டியல் சான்று ஆகாது, நேற்றைய செலவு பூஜ்யம் என்று பில் பக்கம் சொன்னால்தான் சான்று. இப்போது நான் மாணவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ் சேவையில் எல்லாப் பிராந்தியங்களையும் ஒரே பக்கத்தில் காட்டும் `Global View` என்ற வசதி உண்டு. அது இருப்பது தெரிந்தவர்கள் குறைவு.

திருட்டா, மறதியா

மாணவியின் முதல் சந்தேகம் திருட்டு. அதை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. கணக்கின் ரகசிய விசையை யாராவது எடுத்திருந்தால் பில் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. திருடுபவர் ஒரு சர்வரோடு நிற்க மாட்டார். கிடைக்கும் எல்லாப் பிராந்தியங்களிலும், கோட்டா இடம்கொடுக்கும் மட்டும், பெரிய சர்வர்களைத் தொடங்குவார். அவற்றின் சி.பி.யூ நூறு விழுக்காட்டை ஒட்டியே ஓடும், ஏனென்றால் பெரும்பாலும் அவர்கள் செய்வது கிரிப்டோ நாணயம் தோண்டும் வேலை.

எங்கள் பில்லில் ஒரே பிராந்தியம், ஒரே வகைச் சர்வர். நாள்வாரிச் செலவுப் படத்தில் அக்டோபர் 6 முதல் எல்லாக் கம்பங்களும் ஒரே உயரம். சர்வரின் சி.பி.யூ பயன்பாட்டு வரைபடத்தைத் திறந்தோம். 5-ஆம் தேதி பிற்பகல் மூன்றிலிருந்து ஏழு வரை மலைபோல் உயர்ந்து நின்றது. அதன் பிறகு நவம்பர் 3 வரை தரையோடு ஒட்டிய ஒரு கோடு. மாணவி அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறதிக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பில்லைப் பிரித்துப் பார்த்தால்

கிளவுட் நிறுவனங்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் கணக்கிடுகின்றன. அதன்படி அக்டோபரில் அந்தச் சர்வர் 638.5 மணி நேரம் ஓடியிருந்தது. மணிக்கு 0.526 டாலர் வீதம் 335.85 டாலர். இது சர்வர் வாடகை. அதோடு 125 ஜி.பி. வட்டுக்கு, மாதம் ஒரு ஜி.பி.க்கு 8 சென்ட் என்ற கணக்கில், ஓடிய நாட்களுக்கு 8.58 டாலர். பொது ஐ.பி. முகவரிக்கு மணிக்கு அரை சென்ட் வீதம் 3.19 டாலர். ஆக 347.62. அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 62.57. மொத்தம் 410.19 டாலர். டாலருக்கு 84 ரூபாய் என்று வைத்தால் 34,456 ரூபாய்.

ஆனால் இது அக்டோபருக்கு மட்டும். பில் வந்த பிறகும் சர்வர் ஓடியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நவம்பர் 1 முதல், நாங்கள் அதை நிறுத்திய 3-ஆம் தேதி காலை பத்து மணி வரை இன்னும் 52.5 மணி நேரம். வரியோடு 2,836 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 37,292 ரூபாய்.

உண்மையில் வேலை நடந்த நான்கு மணி நேரத்துக்குச் சர்வர் வாடகை 2.10 டாலர். வரியையும் சேர்த்தால் சுமார் 210 ரூபாய். மீதி முழுவதும் யாரும் பயன்படுத்தாத ஒரு கணினி விழித்திருந்ததற்கான கூலி. கிளவுட் சர்வரின் வாடகை, நீங்கள் எவ்வளவு வேலை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது அன்று. அந்தச் சர்வரை உங்கள் பெயரில் எவ்வளவு நேரம் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் பொறுத்தது. காலி மண்டபத்துக்கும் வாடகை உண்டு. இந்தச் சர்வருக்கு ஒரு நாள் வாடகை, எல்லாம் சேர்த்து, கிட்டத்தட்ட 1,300 ரூபாய்.

பணம் ஏன் வங்கிக் கணக்கிலிருந்து போய்விடவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டியது. அவர் கொடுத்திருந்தது உதவித்தொகை வரும் கணக்கின் டெபிட் கார்டு. தானாகப் பிடிக்கப்படும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓ.டி.பி. போன்ற கூடுதல் உறுதிப்பாடு வேண்டும் என்பது 2022 ஜூன் முதல் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு. அதனால் 34,456 ரூபாயை எடுக்கும் முயற்சி தோல்வியடைந்தது. இதை ஒரு பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. பணம் எடுக்கப்படவில்லை என்றால் பில் ரத்தாகிவிட்டது என்று பொருள் இல்லை. அது நிலுவையில் நிற்கும். கணக்கை மூடினாலும் அதுவரை ஏறிய தொகை நிற்கும். பில் 12,000 ரூபாயாக இருந்திருந்தால், கணக்கில் பணமும் இருந்திருந்தால், ஒரு குறுஞ்செய்தியோடு அது போயிருக்கக்கூடும்.

அன்று செய்தவை

முதலில் பில் பக்கத்தில் பிராந்தியத்தின் பெயரைப் பார்த்து, அந்தப் பிராந்தியத்துக்கு மாறி, சர்வரை `Stop` செய்தோம். உடனே அழித்துவிடவில்லை. வட்டில் அவர் எடுத்து வைக்காத கோப்புகள் ஏதேனும் இருக்கலாம், பயன்பாட்டு வரைபடங்களும் சான்றாக வேண்டும். படங்களை எடுத்து வைத்துவிட்டு, பயிற்சிப் பதிவுகளையும் இறக்கிக்கொண்ட பிறகு சர்வரை `Terminate` செய்தோம். வட்டும் போய்விட்டதா என்று வட்டுகளின் பட்டியலில் தனியாகப் பார்த்தோம்.

அந்தக் கடைசிச் சரிபார்ப்பு அவசியம். `Stop` செய்த சர்வருக்கு வாடகை நிற்கும், வட்டு வாடகை நிற்காது. இந்த 125 ஜி.பி. வட்டை அப்படியே விட்டிருந்தால் வரியோடு மாதம் 990 ரூபாய் வந்துகொண்டே இருந்திருக்கும். சர்வரை அழித்தாலும், அதனோடு பிறந்த முதல் வட்டு மட்டும்தான் பொதுவாகத் தானாக அழியும். பின்னால் இணைத்த வட்டுகள் அநாதையாக நின்றுவிடும். தனியாக ஒதுக்கிக்கொண்ட நிரந்தர ஐ.பி. முகவரியும் அப்படியே.

பிறகு நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினோம். கெஞ்சும் கடிதமாக இல்லாமல் உண்மைகளின் பட்டியலாக இருக்க வேண்டும் என்று மாணவியிடம் சொன்னேன். மாணவர் கணக்கு, எந்தத் தேதியில் எந்தச் சர்வர், எத்தனை மணி நேரம் வேலை நடந்தது, அதன் பிறகு சி.பி.யூ பயன்பாடு இல்லை என்பதைக் காட்டும் வரைபடம், இப்போது அனைத்தும் அழிக்கப்பட்டுவிட்டன, செலவு எச்சரிக்கை அமைக்கப்பட்டுவிட்டது, ஒரு முறை தள்ளுபடி செய்ய இயலுமா? அவ்வளவுதான். சர்வரை நிறுத்தாமலும் எச்சரிக்கை அமைக்காமலும் எழுதினால், முதலில் அவற்றைச் செய்துவிட்டு வரச் சொல்லித்தான் பதில் வரும்.

பதினாறு நாட்கள் கழித்து அக்டோபர் பில் முழுவதும் தள்ளுபடி ஆனது. நவம்பரின் 2,836 ரூபாயை மாணவி கட்டினார். தள்ளுபடி கிடைத்தது நல்வாய்ப்பு. அது உரிமை இல்லை, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வாக்குறுதியும் இல்லை. இரண்டாம் முறை கேட்டால் கிடைக்கும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம்.

எச்சரிக்கை மணியும் பிரேக்கும்

இந்த நிகழ்வுக்குப் பிறகு பலர் சொன்ன அறிவுரை "பட்ஜெட் அலர்ட் வைத்திருக்க வேண்டும்" என்பது. சரிதான். ஆனால் அந்த எச்சரிக்கை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அவர் மாதம் 10 டாலர் பட்ஜெட் வைத்து, பாதி செலவானதும் மின்னஞ்சல் வர வேண்டும் என்று அமைத்திருந்தார் என்று கொள்வோம். சர்வர் மணிக்கு ஏறத்தாழ 54 சென்ட் வீதம் ஓடியது. 5 டாலரை அது சனிக்கிழமை நள்ளிரவு வாக்கில் தாண்டியிருக்கும். ஆனால் செலவு விவரங்கள் அந்தந்த நொடியில் கணக்கில் ஏறுவதில்லை. ஏ.டபிள்யூ.எஸ்ஸில் பட்ஜெட் விவரம் ஒரு நாளில் மூன்று முறை வரைதான் புதுப்பிக்கப்படும், இரண்டு புதுப்பிப்புகளுக்கு இடையே 8 முதல் 12 மணி நேரம் ஆகும். ஆக ஞாயிறு நண்பகலில்தான் மின்னஞ்சல் வந்திருக்கும். அதற்குள் செலவு வரியோடு சுமார் 1,100 ரூபாய். 37,000 ரூபாய் இழப்பு 1,100 ஆகச் சுருங்கியிருக்கும். அதுவும் அவர் அந்த மின்னஞ்சலைப் படித்திருந்தால்.

இதே தாமதத்தை மணிக்கு 30 டாலர் வாடகையுள்ள எட்டு ஜி.பி.யூ சர்வருக்குப் போட்டுப் பாருங்கள். மின்னஞ்சல் வரும் 12 மணி நேரத்துக்குள் 360 டாலர் போயிருக்கும். பட்ஜெட் என்ற சொல் கேட்பவரை ஏமாற்றிவிடுகிறது. அது பையில் இருக்கும் பணத்தின் அளவு இல்லை, ஒரு மணியோசை. தாண்டிய பிறகு ஒலிக்கும், வண்டியை நிறுத்தாது. ஏ.டபிள்யூ.எஸ்ஸில் பட்ஜெட்டைத் தாண்டினால் சர்வரை நிறுத்தும் நடவடிக்கையையும் அதனோடு இணைக்கலாம். கூகுளில் பில்லிங்கையே துண்டிக்கும் ஒரு சிறு நிரலை எழுதிப் பொருத்தலாம். அவையும் அதே தாமதமான கணக்கைப் பார்த்துத்தான் செயல்படும்.

உண்மையான பிரேக் வேறு இடத்தில் இருக்கிறது. செலவு என்பது மணி வாடகையை மணி நேரத்தால் பெருக்கி வருவது. மணி வாடகைக்கு உச்சவரம்பு போடுவது கோட்டா. அவர் நான்கு சி.பி.யூ அளவுக்கு மட்டுமே அனுமதி கேட்டிருந்ததால், எவ்வளவு பெரிய தவறு நடந்திருந்தாலும் அந்தப் பிராந்தியத்தில் ஒரு ஜி.பி.யூ சர்வருக்கு மேல் ஓடியிருக்க முடியாது. நாளைக்கு 1,300 ரூபாய் என்ற வேகத்தோடு அது நின்றதற்கு அந்தச் சிறிய எண்தான் காரணம். பெரிய எண்ணைக் கேட்டால் என்ன, வேண்டும்போது பயன்படும் என்று எண்ணி 32 கேட்கும் மாணவர்களை இப்போது நான் தடுக்கிறேன்.

மணி நேரத்துக்கு உச்சவரம்பு போடுவது நம் கையில் இருக்கிறது. சர்வருக்குள் நுழைந்தவுடன், வேறு எந்தக் கட்டளைக்கும் முன்னால், இதைத் தட்ட வேண்டும்:

```
sudo shutdown -h +360
```

தட்டிய நேரத்திலிருந்து 360 நிமிடத்தில், அதாவது ஆறு மணி நேரத்தில், சர்வர் தன்னைத்தானே மூடிக்கொள்ளும். நாம் மறந்தாலும், தூங்கினாலும், இணையம் போனாலும் மூடிக்கொள்ளும். வேலை நீண்டால் அதே கட்டளையைப் புதிய எண்ணோடு மீண்டும் தட்டினால் பழையதற்குப் பதில் புதியது வரும். சர்வர் மறுதொடக்கம் ஆனால் இந்த நேரக்கெடு அழிந்துவிடும். அதற்காக, குறித்த தருணத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் அட்டவணையில், ரூட் பயனரின் பெயரில், ஒரு வரி சேர்க்கிறோம்:

```
@reboot /sbin/shutdown -h +360
```

பயிற்சி சீக்கிரம் முடிந்தால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. பயிற்சியை இப்படித் தொடங்கலாம்:

```
python train.py; sudo shutdown -h now
```

இதில் உள்ள அரைப்புள்ளியைக் கவனியுங்கள். பலர் அங்கே `&&` போடுகிறார்கள். அப்படிப் போட்டால் பயிற்சி வெற்றியாக முடிந்தால் மட்டுமே சர்வர் மூடும். நினைவகம் போதாமல் பத்தாவது நிமிடத்தில் நிரல் விழுந்துவிட்டால் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். மாணவர்களின் நிரல் பெரும்பாலும் விழுகிறது, அதுவும் அவர்கள் திரையைவிட்டு எழுந்துபோன பிறகு. அரைப்புள்ளி போட்டால் வெற்றியோ தோல்வியோ சர்வர் மூடும். இந்த வரியை, இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடரவிடும் `tmux` போன்ற ஒன்றுக்குள் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பு அறுந்ததும் வரி முழுவதும் செத்துவிடும், மூடும் கட்டளை நடக்காது. அப்போது காப்பாற்றுவது முதலில் தட்டிய ஆறு மணி நேரக் கெடுதான். அதனால்தான் இரண்டும் வேண்டும். மாதிரிக் கோப்பு வட்டில் சேமிக்கப்பட்டிருக்கும், மறுநாள் சர்வரைத் தொடங்கி எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு முக்கியமான எல்லை இதற்கு உண்டு. சர்வருக்குள்ளிருந்து மூடுவது எல்லா நிறுவனங்களிலும் வாடகையை நிறுத்துவதில்லை. ஏ.டபிள்யூ.எஸ்ஸில், வட்டில் இயங்கும் வழக்கமான சர்வர்களுக்கு, அது `Stop` செய்ததற்குச் சமம். கூகுளிலும் வாடகை நின்றுவிடும். மைக்ரோசாஃப்டின் அஷூரில் அப்படி இல்லை. உள்ளிருந்து மூடினால் நிலை `Stopped` என்று காட்டும், வாடகை தொடரும். `Stopped (deallocated)` என்று வந்தால்தான் நிற்கும். அதற்கு மேலாண்மைப் பக்கத்திலிருந்து நிறுத்த வேண்டும், அல்லது அஷூரில் சர்வரோடு வரும் தினசரி தானியங்கி நிறுத்தத்தை அமைத்துவிட வேண்டும். டிஜிட்டல் ஓஷனில் அணைத்து வைத்த சர்வருக்கும் முழு வாடகை உண்டு, அழித்தால்தான் நிற்கும். எந்த நிறுவனமானாலும், முதல் முறை மூடிய மறுநாள் பில் பக்கத்தைத் திறந்து செலவு ஏறவில்லை என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

கார்டு கொடுப்பதற்கு முன்பு

நான்கு மணி நேரப் பயிற்சிக்கு வாடகைச் சர்வர் தேவையே இல்லை என்று சொல்வேன். கேகில் தளம் கைபேசி எண்ணைச் சரிபார்த்த பயனர்களுக்கு வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம் ஜி.பி.யூ தருகிறது, கார்டு கேட்பதில்லை. கிளவுட் சர்வரையே கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அஷூரின் மாணவர் திட்டத்தில் 100 டாலர் வரவு உண்டு. அதற்கும் கார்டு வேண்டாம், வரவு தீர்ந்தால் சேவை நின்றுவிடும். ஏ.டபிள்யூ.எஸ் 2025 ஜூலை 15 முதல் புதிய கணக்குகளுக்கு இலவசத் திட்டம் ஒன்றைத் தருகிறது. ஆறு மாதம் அல்லது வரவு தீரும் வரை, கட்டணத் திட்டத்துக்கு நாமாக மாறாத வரை பில் வராது. கூகுளின் 300 டாலர், 90 நாள் சோதனைக் கணக்கும் அப்படியே, ஆனால் அதில் ஜி.பி.யூ சேர்க்க முடியாது. ஜி.பி.யூ வேண்டும் என்பதற்காகத்தான் மாணவர்கள் கட்டணக் கணக்குக்கு மாறுகிறார்கள். அந்த நொடியில் அவர்களுக்கு மேலிருந்த கூரை போய்விடுகிறது. இலவசம் என்ற சொல்லின் நினைவு மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது.

இந்த மாணவி 2025 பிப்ரவரியில் தன் மாதிரியை மீண்டும் பயிற்றுவித்தார், அதே வகைச் சர்வரில், அதே பிராந்தியத்தில். வேறு இடத்தில் இலவசமாகச் செய்யலாமே என்று கேட்டேன். "இல்லை சார், இதையே சரியாகச் செய்து பார்க்க வேண்டும்" என்றார். வட்டை 50 ஜி.பி.யாகக் குறைத்தார். ஆறு மணி நேரக் கெடுவை முதலில் தட்டினார். அரைப்புள்ளி போட்டுப் பயிற்சியைத் தொடங்கினார். இருபதாவது நிமிடத்தில் நினைவகம் போதாமல் நிரல் விழுந்தது. அவர் அப்போது வகுப்பில் இருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது சர்வர் மூடியிருந்தது. ஒரே நேரத்தில் ஏற்றும் படங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கி மறுபடி ஓட்டினார். நான்கு மணி பத்து நிமிடத்தில் முடிந்தது. மூன்றாம் நாள் சர்வரையும் வட்டையும் அழித்துவிட்டு, பில் பக்கத்தைத் திறந்து என்னிடம் காட்டினார். வரியோடு 3.33 டாலர்.